முதல் இன்டர்வியூவுக்கு ஒரு தாழ்ந்த கொண்டை: நம்ம ஊர் காற்றையும் பஸ்ஸையும் தாங்குகிற மாதிரி

நாகர்கோவிலில் பார்லர் வேலையில் இருப்பவள் நான். காலேஜ் முடித்த பெண்கள் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் வந்து "அக்கா, தலைக்கு என்ன பண்ணட்டும்?" என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் வீட்டுக் கண்ணாடி முன்னால் எது அழகாகத் தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் நீங்கள் அந்தக் கண்ணாடி முன்னால் இன்டர்வியூ கொடுக்கப் போவதில்லை. காலையில் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ பஸ் ஏறி, களியக்காவிளை தாண்டி, தம்பானூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போய்ச் சேரும்போது தலை எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. ஜன்னல் காற்று, வியர்வை, கடலோரத்து ஈரப்பதம் எல்லாவற்றையும் கடந்து, கூப்பிடும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகும் கலையாமல் இருக்க வேண்டும்.

அதற்கு, நீளமான முடி உள்ளவர்களுக்கு நான் கட்டிவிடுவது ஒரே ஒரு கட்டுதான்: பக்கவாட்டு வகிடு எடுத்து, பின்னிச் சுற்றிய தாழ்ந்த கொண்டை. ஒற்றைப் பின்னல் போதாதா என்றால், போதும், அதில் ஒரு குறையும் இல்லை, நன்றாக இறுக்கிப் பின்னிய சடையோடு போய் வேலை வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் இடுப்பு வரை முடி உள்ளவர்களுக்குச் சடையில் ஒரு சிக்கல் உண்டு. ஃபார்ம் நிரப்பக் குனிந்தால் சடை முன்னால் விழும், நிமிரும்போது கை தானாகப் பின்னால் தள்ளும், பதற்றத்தில் அந்தக் கை அதன் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். கொண்டையாக இருந்தால் கைக்கு அங்கே வேலையே இல்லை.

சமீபத்தில் வந்த ஒரு பெண்ணின் முடியை வைத்தே முழுவதையும் சொல்கிறேன். தக்கலைப் பக்கம், பி.எஸ்.ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். இடுப்பு வரை அடர்த்தியான, லேசாகச் சுருண்ட முடி. தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிற தலை. முன்பக்கம் மட்டும் லேயர் கட் செய்து தாடை அளவுக்குக் கொஞ்சம் முடி தொங்கியது. நம்ம பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு இதுதான் தலை, அதனால் உங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எண்ணெயும் குளியலும்

காலையில் கட்டப்போகும் கொண்டை நிற்குமா சரியுமா என்பதை முந்தின நாள் குளியலே முக்கால்வாசி தீர்மானித்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எண்ணெய் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தேங்காய் எண்ணெய் முடியின் மேலே பூசிக்கொண்டு நிற்பதோடு சரி என்றில்லை, கொஞ்சம் உள்ளேயும் இறங்கும், அலசும்போது முடி பலவீனமாவதைக் குறைக்கும். ஆனால் இன்டர்வியூ காலையில் எண்ணெய் வைத்து வாரினால், பஸ்ஸில் வியர்க்க ஆரம்பித்ததும் அது நெற்றிக்கு இறங்கிவிடும், முகம் முழுக்க மினுங்கும். இன்டர்வியூ வியாழக்கிழமை என்றால் செவ்வாய் இரவு எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். புதன் மதியத்துக்குள் தலைக்குக் குளித்துவிடுங்கள். எண்ணெய்த் தலைக்கு ஷாம்பு இரண்டு தடவை போட வேண்டும், முதல் தடவை எண்ணெய் மட்டும்தான் போகும், நுரை அவ்வளவாக வராது. இரண்டாவது தடவை நுரை வந்தால் போதும், மூன்றாவது வேண்டாம். தேய்ப்பதை உச்சந்தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நுனிமுடிக்கு வழிந்து வரும் நுரையே போதுமானது.

சீயக்காயும் செம்பருத்தித் தாளியும் நல்லதுதான், ஆனால் அந்த நாளுக்கு வேண்டாம். தாளியில் இருக்கும் இலைத் துணுக்குகள் எவ்வளவு அலசினாலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்பு முடியில் காய்ந்த பிறகு அவை பொடுகு மாதிரியே தெரியும்.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் முடி காய்ந்த பிறகு விரலுக்குச் சொரசொரப்பாக, தென்னை நார் மாதிரி நிற்கும், சீப்பு இறங்காது. குளியல் முழுவதற்கும் நல்ல தண்ணீர் தேடி அலைய வேண்டியதில்லை. கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு வாளி குடிதண்ணீரையோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ ஊற்றுங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அன்று காலையிலேயே குளித்தால் இன்னும் சுத்தமாக இருக்குமே என்று அம்மாக்கள் கேட்பார்கள். மேலுக்குக் குளிக்கலாம், தலைக்கு வேண்டாம். அடர்த்தியான முடி நம்ம ஊர் ஈரப்பதத்தில் காய மூன்று நாலு மணி நேரம்கூட ஆகும். ஈரத்தோடு சுற்றிக் கட்டினால் உள்ளே காயாமல் பிற்பகலில் ஒரு புழுங்கல் வாடை வரும், அது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். இரண்டாவது காரணம், புதிதாக அலசிய முடி வழுக்கும், ஸ்லைடு குத்தினால் நழுவி வெளியே வரும். ஒரு இரவு கழிந்த முடியில் தலையின் இயற்கையான எண்ணெய்ப்பசை கொஞ்சம் ஏறியிருக்கும், பிடிமானம் அதில்தான் கிடைக்கிறது. குளித்துக் காய்ந்ததும் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டு தூங்குங்கள், காலையில் சிக்கு இருக்காது.

வாங்கி வைக்க வேண்டியவை

பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாமே பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். துணி சுற்றிய கறுப்பு ரப்பர் பேண்ட் மூன்று, கறுப்பு ஸ்லைடு ஒரு அட்டை, வளைந்த கொண்டை ஊசி எட்டு, மெல்லிய கறுப்புக் கொண்டை வலை ஒன்று. கற்றாழை ஜெல் ஒரு சின்ன ட்யூப். பழைய டூத் பிரஷ் ஒன்றைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். மளிகைப் பொட்டலம் கட்டுகிற ரப்பர் பேண்டைத் தலைக்குப் போடாதீர்கள், அவிழ்க்கும்போது முடியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

காலையில் கட்டும் முறை

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் உட்காருங்கள். பழகிய கைக்குப் பத்து நிமிடம் போதும், மீதி நேரம் ஒரு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டி வந்தால் அதற்கு. உடை முதலில், தலை பிறகு. சுடிதாரைத் தலை வழியாகப் போட்டால் கட்டிய கட்டு போய்விடும்.

நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள், அகலப் பல் சீப்பால். பிறகு உள்ளங்கையில் இரண்டு மூன்று துளி எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம், நன்றாகத் தேய்த்துப் பரப்பி முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் தடவுங்கள். பறக்கும் முடி அடங்கும், உச்சி எண்ணெய் வழியாது.

வகிடு எடுப்பதற்கு வால் சீப்பின் கூர் முனை வசதி. ஒரு பக்கப் புருவத்தின் நடுவுக்கு நேராக மேலே வைத்துப் பின்னால் இழுங்கள். நடு வகிடும் தப்பில்லை, ஆனால் முன்பக்கம் லேயர் வெட்டியவர்களுக்குப் பக்க வகிடுதான் வசதி, குட்டை முடியைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோக ஒரு பக்கமாவது நீளம் கிடைக்கும்.

இப்போது எல்லா முடியையும் பின்னால் சேர்த்து ஒரு போனிடெயில். எந்த உயரத்தில் என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். காதின் நடுப்பகுதிக்கு நேராகப் பின்னால் கட்டுங்கள். பிடரியோடு ஒட்டிக் கீழே கட்டினால், நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் காலர் கொண்டையை மேலே தள்ளும், ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். ரொம்ப மேலே போனால் பஸ் சீட்டில் சாய முடியாது, சாய்ந்தால் நசுங்கும். கட்டியதும் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ரப்பர் பேண்ட் காலரைத் தொடக்கூடாது. இறுக்கமும் அளவோடுதான் இருக்க வேண்டும். புருவம் மேலே இழுபடுவது போல் தோன்றினால் அப்போதே தளர்த்துங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் தலைவலி பிடித்திருக்கும்.

அடுத்து அந்த வாலை மூன்றாகப் பிரித்துப் பின்னுங்கள், நுனி வரை, நுனியில் சின்ன ரப்பர் பேண்ட். சும்மா முறுக்கிச் சுற்றினாலும் கொண்டை வரும், மெல்லிய முடிக்கு அதுவே போதும். ஆனால் அடர்த்தியான முடியை முறுக்கிச் சுற்றினால் பந்து மாதிரிப் புடைத்து நிற்கும், கனத்தில் கீழே இறங்கும். பின்னிச் சுற்றினால் தட்டையாகப் படியும், பின்னலின் மேடு பள்ளத்தில் ஊசிக்குப் பிடி கிடைக்கும். பின்னலை அடி ரப்பர் பேண்டைச் சுற்றி ஒரே திசையில் வட்டமாகப் படிய வையுங்கள், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் வெளிப்பக்கம் வரட்டும், மேலே மேலே ஏற்ற வேண்டாம். நுனியை அடியில் மடித்து மறைத்துவிடுங்கள்.

கொண்டை ஊசி குத்துவதில் ஒரு கைநுட்பம் இருக்கிறது, இது பிடிபட்டால் பாதி ஊசியே போதும். ஊசியை நேராக உள்ளே குத்தாதீர்கள். அதன் முனை முதலில் கொண்டைக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். கொண்டையின் ஓரத்து முடியைக் கொஞ்சம் கவ்விக்கொண்டு, முனை தலையை லேசாகத் தொட்டதும், ஊசியை அப்படியே திருப்பி ரப்பர் பேண்டை நோக்கி உள்ளே தள்ளுங்கள். கொண்டையின் ஓரமும் அடியில் இருக்கும் முடியும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். சரியாக இறங்கிய ஊசி இருப்பதே தெரியாது. குத்துகிறது, ஒரு முடி சுர்ரென்று இழுக்கிறது என்றால் உருவிவிட்டுத் திரும்பக் குத்துங்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், ஆகாது. மேல், கீழ், இடம், வலம் என்று நாலு ஊசி, அப்புறம் எங்கே ஆடுகிறதோ அங்கே ஒன்றோ இரண்டோ. கடைசியாக வலையை மாட்டி, தொங்கும் பகுதியைக் கொண்டைக்கு அடியில் செருகி ஒரு ஸ்லைடால் பிடியுங்கள்.

முன்னால் தாடை அளவுக்குத் தொங்கும் லேயர் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி மட்டும் வைத்தால் குனிந்த முதல் நிமிடமே முகத்தில் விழும். தக்கலைப் பெண்ணுக்கு அதை இரண்டு பக்கமும் லேசாக முறுக்கி, காதின் மேல்பக்கமாகப் பின்னால் கொண்டுபோய், இரண்டு ஸ்லைடைப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே மாட்டினேன். ஒற்றை ஸ்லைடு வழுக்கி வரும், குறுக்கே போட்ட இரண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஸ்லைடில் நெளிவான கால் தலையைத் தொடும் பக்கம், நேரான கால் மேலே. நிறையப் பேர் தலைகீழாகத்தான் மாட்டுகிறார்கள், நெளிவு இருப்பதே முடியைப் பிடிப்பதற்குத்தான்.

நெற்றியோரத்துக் குட்டி முடிக்கு ஒரு பட்டாணி அளவு கற்றாழை ஜெல். டூத் பிரஷில் தொட்டு, முடி வளரும் திசையிலேயே பின்னால் தடவி, காயும் வரை கையை வைக்காதீர்கள். அதிகமானால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிரும், தோளில் விழுந்தால் பொடுகு என்றே நினைப்பார்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் குட்டி முடி முழுதாக அடங்காது, காற்றின் ஈரம் முடிக்குள் ஏறியதும் அது தன் பழைய சுருளுக்கே திரும்பும். நெற்றியோரம் நாலைந்து முடி நின்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, அதற்காக இன்னும் இன்னும் ஜெல் பூசாதீர்கள்.

கட்டி முடித்ததும் மூன்று சோதனை. தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். கீழே விழுந்த பேனாவை எடுப்பது போல் முழுதாகக் குனிந்து நிமிருங்கள். பிறகு போனில் பின்பக்கத்தையும் இரண்டு பக்கங்களையும் யாரையாவது படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள், ஸ்லைடு வெளியே தெரிகிறதா, வகிடு நேராக இருக்கிறதா என்று. இதை எல்லாம் இன்டர்வியூ அன்றுதான் முதல் முறையாகச் செய்யக்கூடாது. இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு தடவை கட்டி, அதோடு மதியம் வரை வீட்டு வேலை பாருங்கள். தக்கலைப் பெண் அப்படிப் பார்த்ததில், கொண்டையின் கீழ்ப்பக்கம் மட்டும் தொங்கியது தெரிந்தது. கீழே ஒரு ஊசிக்குப் பதில் இரண்டு குத்தினோம், சரியாகிவிட்டது.

பூ வைக்கலாமா

தோவாளைப் பூச்சந்தைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையை வெறுந்தலையோடு அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது, "ஒரு முழமாவது வச்சுட்டுப் போ மக்களே" என்பார்கள். பூ வைப்பது குறை என்று நான் நினைக்கவில்லை. என் கவலை வேறு. பிச்சிப்பூ இரண்டு மணி நேரப் பயணத்தில் வாடிப் பழுப்பாகும், ஏசி போட்ட சின்ன அறைக்குள் அதன் வாசனை தூக்கலாக இருக்கும், சிலருக்கு அது தலைவலி. அதோடு சரத்தின் கனம் கொண்டையை ஒரு பக்கமாக இழுக்கும். கோயிலுக்குப் போகும்போது வைத்துக்கொண்டு, பஸ் ஏறும் முன் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், அம்மாவுக்கும் திருப்தி.

வழியிலும் போய்ச் சேர்ந்த பிறகும்

பஸ்ஸில் ஜன்னல் சீட் வேண்டாம், கிடைத்தாலும் உள்பக்கம் உட்காருங்கள். தூங்கினால் தலை சீட்டில் பின்னால் சாயும், அப்போதுதான் கொண்டை நசுங்குகிறது, ரயிலில் ஓரமாகச் சாய்ந்துகொள்ள இடம் இருப்பதால் முடிந்தவர்கள் ரயிலைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயை மனதில் வையுங்கள். அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்த வழியாகப் பிய்த்துக்கொண்டு போகும். அந்தத் தூரம் மட்டும் துப்பட்டாவையோ பருத்தி ஸ்கார்ஃபையோ நெற்றி முதல் பிடரி வரை சுற்றிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஹெல்மெட் போடாமல் போகாதீர்கள், கொண்டைக்காக அதை விடுவது முட்டாள்தனம். ஹெல்மெட்டுக்குள் கொண்டை இடிக்கிறது என்றால் பின்னலோடு நிறுத்திவிட்டு, சுற்றுவதையும் ஊசி குத்துவதையும் பஸ் ஸ்டாண்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

பையில் ஒரு சின்ன டப்பாவுக்குள் நாலு ஸ்லைடு, இரண்டு கொண்டை ஊசி, ஒரு ரப்பர் பேண்ட், டூத் பிரஷ், கைக்குட்டை. சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போய் நேராக வாஷ்ரூமுக்குப் போங்கள். முதலில் நெற்றியையும் பிடரியையும் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள், துடைத்தால் அடங்கிய குட்டி முடி எழும்பிவிடும். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, உதறிவிட்டு, வகிட்டின் இரண்டு பக்கமும் தடவி பிரஷால் படிய வைத்தால் காலையில் போட்ட ஜெல் திரும்ப ஒட்டிக்கொள்ளும், புதிதாகப் பூச வேண்டாம். கொண்டை லேசாகத் தளர்ந்திருந்தால் அவிழ்க்காதீர்கள். உள்ளங்கையால் மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கம் இரண்டு ஊசி. முழுதாகச் சரிந்துவிட்டால் ஊசிகளை எடுத்துவிட்டுப் பின்னலைத் தொங்க விடுங்கள், அடி ரப்பர் பேண்டும் நுனி ரப்பர் பேண்டும் ஏற்கெனவே இருப்பதால் அதுவே ஒரு சுத்தமான சடை, பத்து விநாடியில் முடிந்துவிடும். சுற்றுவதற்கு முன் நுனி வரை பின்னச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோள் வரைக்கும் மட்டுமே முடி இருந்தால் கொண்டைக்காக மல்லுக்கட்ட வேண்டாம், ஊசி மட்டும்தான் தெரியும். அதே உயரத்தில் போனிடெயில் போட்டு, அடியிலிருந்து ஒரு மெல்லிய கற்றை எடுத்து ரப்பர் பேண்டைச் சுற்றி மறைத்து, அடியில் ஸ்லைடால் பிடித்துவிட்டால் போதும். முன்பக்கத்துக்கும் குட்டி முடிக்கும் மேலே சொன்னது அப்படியே பொருந்தும்.

வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்போது முதலில் வலை, பிறகு ஊசிகள், கடைசியில் ரப்பர் பேண்ட். காலையில் எத்தனை குத்தினீர்கள் என்று எண்ணி வைத்திருந்தால் அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கலாம், உள்ளே ஒன்று மாட்டியிருக்கும்போது சீப்பு போட்டால் முடி கொத்தாக வரும். அன்று இரவு கொஞ்சம் எண்ணெய் தொட்டு உச்சந்தலையை விரலால் நீவிவிட்டுத் தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள், இரண்டாவது ரவுண்டுக்கு மறுநாளே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், அப்போது எண்ணெயை உச்சியில் வைக்காமல் நுனியோடு நிறுத்திவிடுங்கள்.